போயாவுக்குப் போவோம் என்றவர்

அன்புள்ள சினேகிதிக்கு,

உன் மெசேஜ் எல்லாவற்றையும் நேற்று இரவு இருந்து வாசித்தேன். போனில் பதில் போட்டால் அரைகுறையாகப் போய்விடும், அதுதான் இருந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்து இப்போது கோயிலுக்குத் தனியாக நடந்து போகிறா. எனக்குப் பின்னேரங்களில் வழக்கம்போல ரியூஷன். சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ பழகுகிறவர் பிளான் போடுவதும் பிறகு சொல்லாமல் காணாமல் போவதுமாக இருக்கிறாரே, அவருக்கு உன்னில் விருப்பமோ இல்லையோ என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறாய். அது அவர் மனதுக்குள் இருப்பது, நீயும் நானும் எத்தனை இரவு இருந்து கதைத்தாலும் அதைக் கண்டுபிடிக்க மாட்டோம். நான் வேறு ஒன்று செய்தேன். நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டுகளைப் பார்த்து ஒரு கொப்பியில் மூன்றே மூன்று விஷயத்தைக் குறித்தேன். எப்போது பிளான் போட்டார், எப்போது பேச்சை நிறுத்தினார், பிறகு வந்தபோது என்ன சொன்னார். அவர் எழுதிய இனிப்பான வரிகள் ஒன்றையும் எடுக்கவில்லை.

முதலாவது நல்லூர். சனிக்கிழமை பின்னேரம் சந்தித்தீர்கள், இரவு பதினொரு மணி வரை மெசேஜ், ஞாயிறு காலையிலிருந்து நாலு நாள் ஒன்றும் இல்லை. வந்தபோது "சாப்பிட்டியா?" என்று மட்டும்.

இரண்டாவது அந்தப் போயா லீவுக்குக் கசூரினா கடற்கரை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பஸ் நேரம் பார்த்ததும் அவர், என்ன சாப்பாடு கட்டுவது என்று கேட்டதும் அவர், ஒரு கிழமையாக ஒவ்வொரு இரவும் அதே கதை. நீ வீட்டில் என்னிடம் வருவதாகச் சொல்லிவிட்டு வெளிக்கிட்டாய். அதற்கு முதல் நாள் இரவே அவர் பதில் போடுவதை நிறுத்திவிட்டார். நீ யாழ்ப்பாணம் பஸ் ஸ்டாண்டில் நாற்பது நிமிஷம் நின்றாய், தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்களோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஆறு நாள் கழித்து வந்தவர் கசூரினாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, நேரே "நயினாதீவுக்குப் போவோமா?" என்று தொடங்கினார்.

மூன்றாவது அந்த நயினாதீவு. உண்மையாகவே போனீர்கள், குறிகட்டுவானிலிருந்து படகில் போகும்போது தன் அக்காவிடம் உன்னைப் பற்றிச் சொல்லப்போவதாகச் சொன்னார். அடுத்த நாளிலிருந்து ஐந்து நாள் காணவில்லை.

இடையில் இன்னொரு நாலு நாளும் இருக்கிறது, அதையும் நீ இந்தக் கணக்கில்தான் போட்டிருந்தாய். ஆனால் அது வேறு. அப்போது "ஒபிசில் ஓடிட், வெள்ளி வரை கதைக்க ஏலாது" என்று முதலே சொன்னார், வெள்ளி பின்னேரம் தானே கோல் எடுத்தார். அந்த நாலு நாளும் நீ நிம்மதியாக நித்திரை கொண்டாய். நாள் எண்ணிக்கை ஒன்றுதான், முதலே சொன்னதும் சொன்னபடி வந்ததும்தான் வித்தியாசம். அதோடு இன்னொன்றும் விளங்குகிறது. வரமுடியாது என்று ஒரு வரி எழுத அவருக்குத் தெரியும். வேலை என்றால் எழுதுகிறார், உன்னோடு நெருங்கின பிறகு எழுதுவதில்லை.

மூன்று தடவையும் பேச்சு நின்ற இடத்தைப் பார். வேலை கூடின நாளில் நிற்கவில்லை. நல்லாகச் சந்தித்த அடுத்த நாள், அல்லது பிளான் நிஜமாகப் போவதற்கு முதல் நாள் இரவு. அவர் பிளான் போடும்போது பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அந்த நேரத்து ஆசை உண்மைதான். பிளான் போடுவதில் சந்தோஷம் மட்டும் இருக்கிறது, கடமை இல்லை. நாள் குறித்து, நீ பஸ் ஏறி, அக்காவின் பெயரும் வந்த பிறகு அது பொறுப்பாகிவிடுகிறது. சிலருக்கு அந்த இடத்தில் மூச்சு முட்டும், விலகினால்தான் ஆறும். சின்னப் பிள்ளைகள் தாயோடு ஒட்டுவதையும் ஒதுங்குவதையும் பற்றிய ஆய்வைக் காதலிக்கும் பெரியவர்களுக்கும் 1987இல் பொருத்திப் பார்த்தார்கள் ஹேசன், ஷேவர் என்ற இரண்டு பேர். நெருக்கம் கூடக்கூட அந்தரப்படுகிறவர்களை அவர்களும் ஒரு வகையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் அவர் அந்த வகைதான் என்று முடிவு கட்டிவிடாதே. வேறொரு பெண் இருந்தாலும் வெளியில் இப்படித்தான் தெரியும், வீட்டில் கலியாணம் பேசி நெருக்கினாலும் இப்படித்தான். மனச்சோர்வு என்றால் பெரும்பாலும் உன்னிடமிருந்து மட்டும் விலகமாட்டார், நண்பர்கள், ஒபிஸ் எல்லாவற்றிலும் குறைந்துபோவார். இவரோ அந்த ஆறு நாளும் நண்பர்களோடு கிரிக்கெட் விளையாடினார் என்று நீயே எழுதியிருக்கிறாய். காரணம் எதுவாக இருந்தாலும் பஸ் ஸ்டாண்டில் நின்றது நீ.

"இவ்வளவு தவிக்கிறேன் என்றால் இது பெரிய காதல்தானே" என்றும் எழுதியிருந்தாய். அதில் எனக்குப் பயம். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளைப் பற்றிக் கம்பஸில் படித்தோம், ஞாபகம் இருக்கிறதா? கொத்தும்போதெல்லாம் தீனி வந்த புறா, தீனி நின்றதும் கெதியாக விட்டுவிடும். எப்போது வரும் என்று தெரியாமல் இடைக்கிடை மட்டும் தீனி கிடைத்த புறா, நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். நீ இரவு இரண்டு மணிக்கு எழும்பி அவர் ஒன்லைனில் இருக்கிறாரா என்று பார்ப்பது எனக்கு அப்படித்தான் தெரிகிறது. அவர் எவ்வளவு நல்லவர் என்பதை அந்தத் தவிப்பு காட்டாது. எப்போது வருவார் என்று உனக்குத் தெரியாது, அவ்வளவைத்தான் காட்டும்.

இப்போது சனிக்கிழமைக்குக் கீரிமலை என்று தொடங்கியிருக்கிறார். அவர் நன்றாகக் கதைக்கிற இந்த நேரத்தில்தான் சொல்லவேண்டும். காணாமல் போன பிறகு எழுதினால் அது கெஞ்சலாகவோ சண்டையாகவோதான் முடியும், போன தடவை பதினொரு மெசேஜ் போட்டாயே, அப்படி. இப்படி எழுது: "உங்களோடு வர எனக்கு விருப்பம். வரமுடியாவிட்டால் முதல் நாள் பின்னேரத்துக்குள் ஒரு வரி போடுங்கோ. கொஞ்ச நாள் தனியாக இருக்கவேண்டும் என்றாலும் சொல்லுங்கோ, நான் கோபிக்கமாட்டேன். சொல்லாமல் போனால் நான் பிறகு பிளான் போடமாட்டேன்." இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நீயும் நாலு நாள் பதில் போடாமல் இருந்து பார்க்கவும் வேண்டாம். அப்படிச் செய்தால் அவர் ஓடி வருவார், ஆனால் நீ தூரமாக இருக்கும்போது அவர் எப்போதும் வருகிறவர்தான், அதில் புதிதாக ஒன்றும் தெரியவராது.

அவர் மன்னிப்புக் கேட்டு ஒரு கிழமை பாலும் தேனுமாக இருப்பார். அந்தக் கிழமையைக் கொப்பியில் எழுதாதே. சந்தித்துவிட்டு வந்த அடுத்த மூன்று நாளைத்தான் எழுது. அந்தரப்பட்டாலும் ஒரு வரி எழுதுகிறாரா என்று இரண்டு சந்திப்புக்குப் பார். எழுதினால் இதைச் சரிசெய்ய இடம் இருக்கிறது, அப்படியானவர்கள் மெல்ல மெல்லப் பழகுவார்கள். இரண்டு தடவையும் எழுதாவிட்டால், நீ அந்த மெசேஜில் சொன்னபடி பிறகு பிளான் போடாதே.

இன்னொன்று, அந்தப் போயா அன்று உன் அம்மா எனக்குக் கோல் எடுத்து "பிள்ளை வந்து சேர்ந்திட்டாளோ?" என்று கேட்டா. நான் ஓம் என்றேன், நீ அப்போது பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்றது எனக்குத் தெரியாது. இனி எங்கே போகிறாய் என்று என்னிடமாவது முதலே சொல்லிவிட்டுப் போ. சனிக்கிழமை நான் வீட்டில்தான் நிற்பேன். அவர் வந்தாலும் வராவிட்டாலும் பின்னேரம் இங்கே வா.

அன்புடன்,
உன் சினேகிதி