விலகும் விற்பனையாளர் பட்டியல்: தேதி கவனம்

காரைக்குடி குழுவுக்கு வணக்கம். வேலையை விட்டு விலகும் விற்பனையாளர்களுக்கு ஒப்பந்தப்படி உள்ள தடைகளைக் குறிக்கும் பட்டியலில், தடைக்காலத்தை வெறும் "12 மாதம்" என்று எழுதாதீங்க. எந்தத் தேதியிலிருந்து என்பதை ஒப்பந்தத்தைப் பார்த்துப் போடுங்க.

தேவகோட்டை லைன் பார்த்தவர் ராஜினாமா கொடுத்தது ஏப்ரல் 1, கடைசி வேலைநாள் ஏப்ரல் 30. நம் வாடிக்கையாளர்களை இழுக்கக்கூடாது என்ற 12 மாதத் தடை அவர் ஒப்பந்தப்படி கடைசி நாளிலிருந்துதான் ஓடும். நான் கடிதத் தேதியை வைத்து ஒரு மாதத்தைக் கோட்டைவிட்டேன்.

போட்டி நிறுவனத்தில் சேரத் தடை 6 மாதம் என்றிருந்தாலும் அதைப் பெரிய பாதுகாப்பாக நினைக்காதீங்க. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, வேலை முடிந்தபின் அது பொதுவாகச் செல்லாது. எண்ணைக் குறித்துவிட்டு, பக்கத்தில் "வக்கீலிடம் கேட்கணும்" என்று எழுதினால் போதும்.

ரகசியக் காப்புக்குக் காலம் எழுதியிருக்காவிட்டால் கட்டத்தைக் காலியா விடாதீங்க, ஷரத்தே இல்லைன்னு படிச்சிடுவாங்க. "காலம் குறிப்பிடவில்லை" என்று போடுங்க.