ஆறாம் ஆண்டுப் பையனுக்கு அடுத்த வருடம் கிடையாது

எங்கள் தமிழ்ப்பள்ளியின் புறப்பாடத் துணைத் தலைமையாசிரியருக்கும், காற்பந்துப் பொறுப்பாசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஓய்வு நேரத்தில் கேன்டீன் சுவரில் ஒரு தாள் ஒட்டினீர்கள். மாவட்டப் போட்டிக்குப் போகும் 12 வயதுக்குட்பட்டோர் காற்பந்து அணி, 14 பெயர்கள். என் பேரன் பெயர் அதில் இல்லை. அவன் வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றிக் கால்வாய் ஓரமாக வைத்துவிட்டு, கேட்டதற்கெல்லாம் "ஒன்னுமில்ல தாத்தா" என்றான். திங்கட்கிழமை துணிந்து போய்க் கேட்டிருக்கிறான். "உடம்பு இன்னும் பத்தல, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று பதில் வந்ததாம். அவன் ஆறாம் ஆண்டு. அடுத்த வருடம் இடைநிலைப் பள்ளியில் இருப்பான்.

அவனை அணியில் சேருங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. பட்டியல் போய்விட்டது, போட்டியும் முடிந்துவிட்டது. நானும் வேறொரு தோட்டப் பள்ளியில் 11 வருடம் காற்பந்து பார்த்தவன்தான். இதே மாதிரித் தாள்களை நானும் ஒட்டியிருக்கிறேன், ஒட்டிவிட்டு ஆசிரியர் அறைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

"உடம்பு பத்தல" என்ற பதிலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் பள்ளிப் போட்டிகளில் வயதுப் பிரிவு பிறந்த ஆண்டை வைத்துத்தான். ஜனவரி முதல் வாரத்தில் பிறந்தவனும் டிசம்பர் கடைசி வாரத்தில் பிறந்தவனும் ஒரே வகுப்பு, ஒரே பிரிவு. 12 வயதில் ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். தோள் அகலம், ஓட்டம், மோதினால் நிற்கும் பலம் எல்லாவற்றிலும் தெரியும். தேர்ந்தெடுப்பவர் அதைத் திறமை என்று எடுத்துக்கொள்கிறார். உலகம் முழுக்க இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் கூடுதலாகவும், கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருப்பது பலமுறை எண்ணிப் பார்த்த விஷயம். என் பேரன் பிறந்தது டிசம்பர் 19. உங்கள் 14 பேரின் பிறந்த மாதங்களை ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

இதற்கு ஒரு மலிவான வழி இருக்கிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், இளையோர் காற்பந்தில் திறமை தேடுபவர்களை மூன்று விதமாக ஆட்டம் பார்க்க வைத்தார்கள். வயது எதுவும் சொல்லாமல் பார்த்தபோது மூத்த பையன்கள் பக்கம் சாய்ந்தார்கள். பிறந்த தேதிகளைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்தபோதும் சாய்வு போகவில்லை. சட்டை எண்ணையே பிறந்த வரிசைப்படி கொடுத்து, அதைச் சொல்லியும் வைத்தபோதுதான் போனது. தாளில் இருப்பதை ஆட்டம் பார்க்கிறவர் மறந்துவிடுவார். முதுகில் இருப்பது ஒவ்வொரு முறையும் கண்ணில் படும். 3-ஆம் எண் 29-ஆம் எண்ணைத் தள்ளிப் பந்தை எடுக்கும்போது, அதில் எவ்வளவு ஆட்டம், எவ்வளவு பத்து மாத வளர்ச்சி என்று மனசு தானாகவே கேட்கும். டிசம்பர் பையனுக்கு இதனால் கூடுதல் மதிப்பெண் கிடையாது. டிசம்பரில் பிறந்து சீக்கிரம் வளர்ந்துவிட்டவனும் இருப்பான், அவனை எண் காட்டாது. அதற்குக் கண்தான் வேண்டும்.

தேர்வுக்கு வந்தவர்கள் 32 பேர் என்று கேள்விப்பட்டேன். பக்கத்துக்கு 16 பேராகப் பிரித்து ஒரே ஓர் ஆட்டம் விட்டீர்களாம். அப்படி விட்டால் ஒரு பையனின் காலில் பந்து எத்தனை முறை பட்டிருக்கும்? பின்னால் நின்றவன் பாதி நேரம் சும்மா நின்றிருப்பான். மூலைக்கொடிகளால் இரண்டு சின்னத் திடல் போடுங்கள். நான்குக்கு நான்கு, எட்டு நிமிட ஆட்டம். ஒரு நேரத்தில் 16 பேர் ஆடுவார்கள், மற்ற 16 பேர் தண்ணீர் குடிப்பார்கள். ஒவ்வொருவரும் நான்கு ஆட்டம் ஆட, மாறும் நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் போதும். சட்டை எண் 1 முதல் 8 வரை ஒருவன், 9 முதல் 16 வரை ஒருவன், அப்படி நான்கு பகுதியிலிருந்தும் ஒவ்வொருவரை எடுத்துக் குழு போடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் குழுவைக் கலைத்துவிடுங்கள். வென்ற குழுவில் இருந்தவனுக்கு 3, சமன் என்றால் 1. கூட்டாளி மாறிக்கொண்டே இருந்தும் ஒருவன் 9, 10 என்று சேர்த்தால் கவனிக்க வேண்டியவன் அவன். நான்கே ஆட்டத்தில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும், அதனால் புள்ளியை வைத்து மட்டும் எடுக்காதீர்கள். கண் ஒன்றும் புள்ளி ஒன்றும் சொல்லும் பையன்களை அடையாளம் காணத்தான் புள்ளி. கோல் காவலரைத் தனியாகப் பார்க்க வேண்டும், அது வேறு வேலை.

பார்க்கிறவர்கள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பையன்களைத் தெரியாதவராக இருந்தால் நல்லது, பக்கத்துப் பள்ளியிலிருந்து கூப்பிடலாம். பேசிக்கொள்வதற்கு முன்பே தனித்தனியாக எழுதிவிட வேண்டும். பேசிவிட்டு எழுதினால் சத்தமாகப் பேசியவர் பட்டியல்தான் வரும். நான் மூன்றை மட்டும் எழுதுவேன். பந்து வருமுன் தலையைத் திருப்பிப் பார்க்கிறானா, நெருக்கடியில் முதல் தொடுதல் எங்கே போகிறது, பந்தை இழந்தபின் என்ன செய்கிறான். சங்கத்துக்காரர் மகன் ஆடினால் அவர் வேலியோரம்கூட வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் (நம் ஊரில் இதைச் சொல்வது கஷ்டம் என்று தெரியும்).

இரண்டு தாளையும் ஒப்பிட்டால் எட்டு ஒன்பது பேர் இரண்டிலும் இருப்பார்கள். சண்டை எப்போதும் கடைசி ஐந்தாறு இடத்துக்குத்தான். அந்த இடங்களுக்குப் பொருந்துகிற பத்துப் பேரை அடுத்த வாரம் இன்னொரு நாள் பாருங்கள். அப்புறம் தேர்வைச் சனிக்கிழமை காலையில் வையுங்கள். பள்ளி முடிந்து வைத்தால் தோட்டத்து வேன் போய்விடும். செம்பனைக்குள்ளே ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பையன் வரவே மாட்டான், வராதவன் ஆர்வமில்லாதவன் ஆகிவிடுவான்.

இனி அந்தச் சுவர். எடுக்கப்படாத 18 பேருக்கும் ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. தாளை ஒட்டுவதற்கு முதல் நாள் மாலை, திடலோரம், ஒவ்வொருவனாக. முதல் வாக்கியத்திலேயே "இந்த முறை நீ அணியில் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். பாராட்டில் ஆரம்பித்தால் அவன் எடுத்துவிட்டார்கள் என்றே நினைப்பான். அடுத்து எழுதி வைத்ததிலிருந்து ஒன்று. "மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு தடவை பந்து வருமுன் பின்னால் பார்க்கல, அதனால்தான் பறிபோச்சு." பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது புரியும், சுவரில் பந்தை அடித்துத் தனியாகவும் பழகலாம். "உடம்பு பத்தல" என்பதை வைத்து அவன் என்ன பழகுவான்? 27-ஆம் இடத்தில் இருந்தவனிடம் "கொஞ்சத்தில் தவறிப்போச்சு" என்று சொல்லாதீர்கள். அவனுக்கே தெரியும். வேறு பையன் பெயரை இழுத்து ஒப்பிட வேண்டாம். அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள்.

ஆறாம் ஆண்டுப் பையனிடம் அடுத்த வருடம் என்ற பேச்சே வேண்டாம். இந்த வருடத்தில் அவனுக்கு மிச்சம் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். பயிற்சிக்கு வரலாமா, யாராவது காயப்பட்டால் அடுத்தது யார், அவ்வளவுதான். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். பெற்றோர் வந்து கேட்டால் அவர்கள் பிள்ளையின் தாளை மட்டும் காட்டுங்கள். புலனக் குழுவில் பதில் சொல்ல ஆரம்பித்தால் முடிவே இருக்காது.

அடுத்த தேர்வுக்குள் 32 பழைய பயிற்சிச் சட்டைகளை நான் சேர்த்துத் தருகிறேன். எண் தைக்க என் மனைவி ஒப்புக்கொண்டுவிட்டார். யாருக்கு எந்த எண் என்று பிரிக்கப் பிறந்த தேதிப் பட்டியல் மட்டும் வேண்டும், அதை அலுவலகத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கோலசிலாங்கூர் மாவட்டம்