புறாத்தீவுக்கு அடுத்த கரூசல்: கொமெண்ட்டிலிருந்து எடுப்போம்

எல்லாருக்கும் வணக்கம். நிலாவெளிப் புறாத்தீவு கரூசலுக்குக் கீழ வந்த கொமெண்ட்டுகளை ஒருக்கா முழுசா வாசியுங்கோ. "சூப்பர்", இதயம் எல்லாத்தையும் தள்ளிவிட்டு, கேள்விக்குறி உள்ளதை மட்டும் ஷீட்டில போடுங்கோ. அவங்கட சொல்லை மாத்த வேண்டாம், அப்படியே வேணும்.

"டிசம்பர் லீவுக்கு வரலாமா?", "இப்ப போட் ஓடுதா?", "மழைக்கு தண்ணி கலங்கலா இருக்குமா?" மூண்டும் வேற வேற மாதிரித் தெரியும். உண்மையில கேக்கிறது ஒண்டுதான்: எந்த மாசம் போறது? அடுத்த கரூசல் இதுதான். முதல் ஸ்லைட்டில "டிசம்பர் லீவுக்கு புறாத்தீவு வரலாமா?" எண்டே போடுவம். "புறாத்தீவு பாகம் 2" எண்டு போட்டா, முதலாவதைப் பார்க்காத ஆள் தள்ளிட்டுப் போயிடும்.

ரெண்டாவது ஸ்லைட்டிலேயே பதில்: மாரியில கடல் கொந்தளிப்பு, பவளம் பார்க்க வாறவை மே தொடக்கம் செப்டெம்பருக்குள்ள வரட்டும். பிறகுதான் காரணம். வாடைக்காற்று நேரே எங்கட கரையில அடிக்கும், மே தொடக்கம் அடிக்கிற கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போறதால நிலாவெளிப் பக்கம் அலை அடங்கும். கடைசி ஸ்லைட்டில, டிசம்பரில வாறவைக்கு கன்னியா வெந்நீரூற்று.

டிக்கெட் விலை கேட்டதுக்கு கரூசல் வேண்டாம். அது மாறும், கொமெண்ட்டிலேயே பதில் போட்டு பின் பண்ணுங்கோ. "ஆமையைத் தொடலாமா?" ஒராள்தான் கேட்டது, ஆனா எனக்கு அதில ஒரு முழுக் கரூசல் தெரியுது. ஷீட்டில வையுங்கோ.

போட்டவுடனே கேட்ட மூண்டு பேருக்கும் அவங்கட கொமெண்ட்டுக்குக் கீழயே சொல்லிவிடுங்கோ.