பொருள்: அப்டேட்டுக்குப் பின் கீபோர்டில் நம்பர் வரிசை போனது, மூன்று வார அலைக்கழிப்பு

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சியில் ஒரு பார்சல் ஆபீசில் புக்கிங் கிளார்க்காக இருக்கிறேன். இது உங்களுக்கு நான் எழுதும் நான்காவது புகார்.

சென்ற மாத அப்டேட்டோடு என் போன் கீபோர்டின் மேலே இருந்த 1 முதல் 0 வரையிலான வரிசை காணாமல் போனது. அதுவரை q முதல் p வரையிலான எழுத்துகளை அழுத்திப் பிடித்து நம்பர் அடிக்கவேண்டிய தேவையே எனக்கு இருந்ததில்லை. இப்போது அதுதான் வழி, அதுவும் சரியாக வரவில்லை. tpj45k7083 என்று ஒரு எல்.ஆர். நம்பர், அதாவது லாரி ரசீது எண், அனுப்பினேன். பார்ட்டிக்குப் போய்ச் சேர்ந்தது tpjrtkupie. விரலைக் கொஞ்சம் முன்னாடி எடுத்தால் 7 வராது, u விழும். ?123 பொத்தானுக்குப் போனால், இந்த ஒரு நம்பருக்கு மூன்று தடவை பக்கம் மாற்றவேண்டும். நாளொன்றுக்கு நூறு எல்.ஆர். அனுப்புகிறவன் என்ன செய்வான்?

உங்கள் சர்வீஸ் சென்டர் பெண் சொன்னதை மறக்க முடியவில்லை. "போன் யூஸ் பண்ணத் தெரியலைன்னா வீட்டுல பசங்களைக் கேளுங்க சார்." பத்துப் பேர் முன்னால்! அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போனவன் நான். அதற்கு முன்பே ஹெல்ப்லைனில் ஒருவர் ஃபேக்டரி ரீசெட் போடச் சொன்னார், போட்டேன். என் அம்மாவின் கடைசி போட்டோக்கள் போயின. நம்பர் வரிசை வரவில்லை. எப்படி வரும்? ரீசெட் போட்டால் அது ஆஃப் நிலைக்குத்தானே போகும். உங்கள் கீபோர்டு, உங்களுக்குத் தெரியாதா?

வழி காட்டியது எங்கள் லோடுமேன் மகன். கமா பொத்தானை அழுத்திப் பிடித்து, பல்சக்கரத்தைத் தொட்டு, Preferences போய் Number row என்பதை ஆன் செய்தான். வேலை முடிந்தது. அதே பக்கத்தில் Key long press delay 500ms என்று நின்றது, 300க்கு இறக்கினான். நம்பர் வரிசை வந்தபின் q வரிசையை அழுத்திப் பிடித்தால் நம்பர் வராது, %, = போன்ற குறிகள்தான் வரும் என்றும் அவனே சொன்னான். ஒரு நிமிஷ வேலை. இதற்கு மூன்று வாரம், ஒரு தவறான டெலிவரி, முதலாளியிடம் வசவு. என் பிழைப்பே போகப் பார்த்தது.

தயவுசெய்து, அடுத்த அப்டேட்டில் இந்த இரண்டு செட்டிங்கும் நாங்கள் வைத்தபடியே இருக்கட்டும். அந்தப் பெண்ணின் பேச்சுக்கு எழுத்தில் வருத்தம் வேண்டும். போட்டோக்களை மீட்க வழி உண்டா என்று சொல்லுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் 1915க்கு அழைத்துப் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு நானே போவேன். மூன்று டிக்கெட் எண்களும் பஸ் டிக்கெட்டுகளும் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஆறு வருட வாடிக்கையாளர், திருச்சி