'சீ எண்டு போச்சு': வெள்ளவத்தையிலிருந்து ஒரு கடிதம்

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் நோவு தணிந்துவிட்டது என்று அறிந்து ஆறுதலடைந்தேன். உன் மகள் தன் ஆய்வேட்டில் தமிழ் நேர்காணல் மேற்கோள்களை ஆங்கிலத்தில் எப்படிக் கொடுப்பது என்று கேட்டிருந்தாள். அண்மையில் நான் திருத்திய ஒரு மாணவியின் வரைவைப் பற்றிச் சொல்கிறேன்.

அது நுண்கடன் பற்றிய ஆய்வு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கு குடியிருக்கும் ஒரு பெண், கடன் அறவிட வந்தவர்களைப் பற்றி, "அவங்கள் வந்து வாசல்லயே இருந்தாங்கள், எனக்குச் சீ எண்டு போச்சு" என்று சொல்லியிருந்தார். மாணவி கடைசித் துண்டை 'ஐ ஃபெல்ட் அஷேம்ட்' என்று மொழிபெயர்த்து, 'கடனும் வெட்கமும்' என்ற தலைப்பின் கீழ் வைத்திருந்தாள். ஒலிப்பதிவைக் கேட்டபோது அடுத்த வசனம், "பிறகு கதவைத் திறந்து நல்லாக் கேட்டன்" என்று வருகிறது. வெட்கப்பட்டவர் அப்படிச் செய்யமாட்டார். அது வெறுப்பு, சலிப்பு. மாணவி ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்தே, எந்தப் பகுதி எதைப் பற்றியது என்று குறியீடு இட்டதால், ஒரு சொல்லின் பிழை ஒரு கண்டறிதலாகவே வளர்ந்துவிட்டது. ஆகவே குறியீட்டைப் பேட்டியின் தமிழ் எழுத்துப்படியிலேயே இட்டு, அத்தியாயத்துக்குள் போகும் மேற்கோள்களை மட்டும் இறுதியில் மொழிபெயர்க்கச் சொல்.

இன்னொருவரைக் கொண்டு அந்த ஆங்கிலத்தை மறுபடி தமிழாக்கிப் பார்த்தோம். "வெட்கமாக இருந்தது" என்று வந்ததால் அந்தப் பிழை பிடிபட்டது. ஆனால் 'இருந்தாங்கள்' என்பது 'தே' ஆகி, திரும்ப 'அவர்கள்' ஆனபோது யாரும் குறை காணவில்லை. யாழ்ப்பாணத்தார் மதிப்போடு பேசினால் 'இருந்தினம்' என்பார்கள். 'இருந்தாங்கள்' என்றதில் அவருடைய கோபம் இருக்கிறது. இதையே கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஒரு மலையகப் பெண் 'இருந்தாங்க' என்றால் அது சாதாரண மரியாதைப் பேச்சுத்தான். கொழும்பில் பேட்டி எடுப்பவர்களுக்கு இது பெரிய பொறி, ஏனெனில் இரு வழக்கும் ஒரே தெருவில் கேட்கும். இந்த வேறுபாட்டை ஆங்கில மேற்கோளுக்குள் திணிக்க முடியாது. மேற்கோளை அறிமுகப்படுத்தும் வசனத்தில், மதிப்பில்லாதவர்களுக்கு உரிய விகுதியால் அவர் அவர்களைக் குறித்தார் என்று எழுதினோம்.

இறுதியில் மேற்கோள் 'ஐ வாஸ் டிஸ்கஸ்டட் வித் இட் ஓல்' என்று அமைந்தது. 'அவங்கள்' யார் என்று விளங்குவதற்காக நாம் சேர்த்த 'கடன் அறவிடுவோர்' என்பதைச் சதுர அடைப்புக்குள் இட்டோம். அது அவர் வாயிலிருந்து வந்ததன்று என்பது ஆய்வேட்டின் பரீட்சகருக்குத் தெரியவேண்டும். தமிழ் மூலத்தைப் பேச்சு வழக்கிலேயே, செந்தமிழாக்காமல், ஆங்கிலத்தின் கீழ் கொடுத்தோம். மொழிபெயர்த்தவர் எந்த ஊர்த் தமிழ் பேசுபவர் என்பதையும் முறையியல் அத்தியாயத்தில் சொன்னோம். அதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மகளை அவளுக்குச் சந்தேகமான மேற்கோள் ஒன்றை, அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில வரிகளோடு அனுப்பச் சொல். தனி வரியாக அனுப்பினால் என்னாலும் ஒன்றும் சொல்லமுடியாது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்