மகளுக்கு, அந்த முன் டயர்கள் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

நீ இங்கிலாந்தில் டிரைவிங் டெஸ்ட் பாஸ் பண்ணிவிட்டாய் என்று கேட்டதும் அம்மா தேங்காய் உடைக்கக் கோயிலுக்குப் போய்விட்டாள். நான் நீ அனுப்பிய கார் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் நல்ல கார்தான். முன் டயர் இரண்டும்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கொழுந்து லொறி ஓட்டியவன் கண் முதலில் டயருக்குத்தானே போகும்.

ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு மூடுபனியில் வேன் ஓட்டிப் போனவள் நீ. உனக்கு ஓட்டத் தெரியுமா என்று நான் கவலைப்படவில்லை. ஆனால் இங்கிலாந்துச் சட்டத்துக்கு நீ புது டிரைவர். நம் இலங்கை லைசன்ஸை வைத்து அங்கே 12 மாதம் ஓட்டலாம், அதை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள் என்பதால்தானே டெஸ்டுக்குப் போனாய். பாஸான நாளிலிருந்து 2 வருஷம் உனக்குத் தகுதிகாண் காலம், அரசாங்க வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வைப்பார்களே, அது மாதிரி. 1995இல் கொண்டுவந்த சட்டம் அது. நீ இங்கே ஓட்டிய காலம் அதில் கழியாது.

இதில் ஏமாந்துபோக வைக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. வெளிப்பார்வைக்கு உனக்கு எந்தத் தடையும் இல்லை. புதிதாகப் பாஸானவர்கள் மாட்டுகிற பச்சை நிறப் பி போர்ட் மாட்டுவதும் உன் இஷ்டம். இரவில் ஓட்டலாம், மோட்டார்வேயில் போகலாம், மற்றவர்கள் போகிற வேகத்திலேயே போகலாம். வித்தியாசம் முழுவதும், ரோட்டில் குற்றம் செய்தால் லைசன்ஸில் ஏற்றுகிற புள்ளிக் கணக்கில்தான். பழைய டிரைவருக்கு 3 வருஷத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால்தான் லைசன்ஸுக்கு ஆபத்து. அப்போதும் கோர்ட்டில் தன் கஷ்டத்தைச் சொல்லிப் பார்க்கலாம். உனக்கு 6 புள்ளி வந்தாலே போதும், லைசன்ஸ் கொடுத்த இலாகாவே அதை ரத்துச் செய்துவிடும். அங்கே போய் வேலை போய்விடும் என்று அழுதாலும் கேட்க ஆள் இல்லை.

உன்னையே வைத்துச் சொல்கிறேன். முதியவர்களைப் பராமரிக்க ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அவசரமாகப் போகிறாய், கேமராவில் வேகம் பிடிபடுகிறது என்று வை. அதற்குக் குறைந்தது 3 புள்ளி. கொஞ்சம்தான் வேகம் கூடியது என்றால் சில சமயம் புள்ளிக்குப் பதிலாக வகுப்புக்கு வரச் சொல்வார்கள். சொன்னால் உடனே ஒத்துக்கொள், புள்ளி விழாது. வகுப்பு கிடைக்கவில்லை, 3 புள்ளி விழுந்துவிட்டது, சில மாதம் கழித்து வழியில் மறித்த பொலிஸ் ஒரு டயர் மொட்டை என்று எழுதுகிறது. அதற்கு இன்னொரு 3. அவ்வளவுதான், 6 ஆகிவிட்டது. கையில் போனை எடுத்துப் பார்த்தாலோ ஒரே அடியில் 6 புள்ளி, 200 பவுண்ட் அபராதம்.

அப்புறம் எல்லாம் முதலிலிருந்து. எல் போர்ட் மாட்ட வேண்டும், 21 வயதுக்கு மேற்பட்ட, 3 வருஷமாவது லைசன்ஸ் வைத்திருப்பவர் பக்கத்தில் உட்கார வேண்டும், எழுத்துப் பரீட்சை, ரோட்டு டெஸ்ட் இரண்டிலும் திரும்பப் பாஸாக வேண்டும். தனியாக வீடு வீடாகப் போகிற உன் வேலைக்கு அது சரிவருமா? திரும்பப் பாஸானாலும் அந்த 6 புள்ளி அழியாது. இன்னொன்று, கணக்குக்கு எடுப்பது குற்றம் நடந்த நாளை. 2 வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது பிடிபட்டு, தீர்ப்பு அதற்குப் பிறகு வந்தாலும் நீ தப்ப முடியாது.

சரி, டயருக்கு வருகிறேன். சட்டப்படி டயரின் நடு முக்கால் பாகத்தில், சுற்றிவர எந்த இடத்திலும், பள்ளம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஒவ்வொரு டயருக்கும் 2,500 பவுண்ட் வரை அபராதமும் 3 புள்ளியும் போடலாம். பள்ளத்துக்குள் குறுக்கே சின்னத் திட்டு ஒன்று இருக்கும். மேல் ரப்பரும் அந்தத் திட்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. உன் 20 பென்ஸ் காசைப் பள்ளத்தில் செருகிப் பார்த்தாலும் தெரியும். காசின் ஓரப் பட்டை வெளியே தெரிந்தால் கடைக்குப் போ.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்து, குனிந்து உள்பக்கத்தைப் பார். வெளிப்பக்கம் நன்றாக இருக்க, உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிற டயரை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். உன் படத்தில் இடது டயர் அப்படித்தான் தெரிகிறது. அது சக்கர அலைன்மென்ட் கோளாறு. அதைச் சரி பார்க்காமல் புது டயர் போட்டால் அதையும் அதே மாதிரி தின்றுவிடும்.

விற்றவர், எம்ஓடி என்கிற வருடாந்த வாகனச் சோதனையில் கார் பாஸ் என்று பேப்பர் காட்டினார் என்றாய். அது சோதித்த அன்றைக்கு வண்டி எப்படி இருந்தது என்பதற்கு மட்டும்தான் அத்தாட்சி. இன்றைக்கு பொலிஸ் நிறுத்தினால் அந்தப் பேப்பர் டயருக்குப் பதில் சொல்லாது.

இந்தச் சம்பளத்தில் எங்களுக்குக் காசு அனுப்ப வேண்டாம். முன் டயர் இரண்டையும் மாற்றி, அலைன்மென்டும் பார்த்துவிட்டு, உள்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா