ஸ்டோரையும் குடோனையும் பார்த்தீர்கள், ஷாப் ஃப்ளோரை விட்டுவிட்டீர்கள்: ஸ்டாண்டர்டு காஸ்ட் அப்டேட் குறித்த புகார்

அனுப்புநர்:
பொறுப்பாளர், செலவுக் கணக்குப் பிரிவு,
வால்வு தயாரிப்புத் தொழிற்சாலை.

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
இ.ஆர்.பி. மென்பொருள் நிறுவனம்.

பொருள்: ஸ்டாண்டர்டு காஸ்ட் மாற்றியபோது நடப்பில் இருந்த உற்பத்தி ஆர்டர்கள் மறுமதிப்பீடு செய்யப்படாதது, அதனால் வந்த பொய்யான வேரியன்ஸ்.

ஐயா / அம்மா,

வணக்கம். இதே பிரச்சினைக்கு உங்கள் உதவி மையத்தில் மூன்று முறை டிக்கெட் போட்டோம். மூன்று முறையும் "வடிவமைப்புப்படியே இயங்குகிறது" என்று எழுதி மூடிவிட்டார்கள். அந்த வடிவமைப்பே தவறு என்பதுதான் எங்கள் புகார். அதனால் டிக்கெட்டை விட்டுவிட்டு உங்களுக்கே எழுதுகிறேன்.

இது எங்கள் கண்ணில் பட்டது மாதக் கடைசியில். டபிள்யூ.ஐ.பி. அறிக்கையை, அதாவது பாதி வேலையில் நிற்கும் சரக்கின் மதிப்பை, ஆர்டர் வாரியாக எடுத்துப் பார்த்தோம். ஒரு வால்வு ஆர்டரில் 1,000 துண்டுகளும் முடிந்து குடோனுக்குப் போய்விட்டன. தரச் சோதனைத் தாள் வராததால் ஆர்டரை மட்டும் இன்னும் மூடவில்லை. ஷாப் ஃப்ளோரில் அந்த ஆர்டருக்கு ஒரு துண்டுகூட இல்லை. ஆனால் அறிக்கை அதன் மதிப்பு மைனஸ் 11,000 என்கிறது. இல்லாத சரக்குக்கு மதிப்பு இருப்பதே தவறு, அதிலும் மைனஸில் எப்படி?

முழு அளவும் ரிசீட் ஆன ஆர்டரில் மிச்சம் நிற்கும் தொகை சரக்கின் மதிப்பு அல்ல, இன்னும் கணக்கில் ஏறாத வேரியன்ஸ். மைனஸில் நின்றால் சாதகமான வேரியன்ஸ் என்று அர்த்தம். அந்த ஆர்டரில் எங்களுக்குச் சாதகமாக எதுவும் நடக்கவில்லை என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் ஒவ்வொரு என்ட்ரியாகப் பிரித்துப் பார்த்தோம்.

ஒரு வால்வுக்கு ஸ்டாண்டர்டு 2 கிலோ பித்தளை ராடு. பழைய விலை கிலோ 100, ஆக மெட்டீரியல் 200. மெஷின் நேரம் அரை மணி. கூலியும் ஓவர்ஹெட்டும் சேர்ந்து மணிக்கு 400, ஆக அது ஒரு 200. மொத்தம் 400. சந்தையில் ராடு 115க்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது, நாங்களும் அந்த விலைக்குத்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். அதனால் கடந்த மாதம் 18ஆம் தேதி ஸ்டாண்டர்டைத் திருத்தினோம். ராடு 115, வால்வு 430. மற்ற எதையும் தொடவில்லை.

அன்று இந்த ஆர்டர் பாதி வழியில் இருந்தது. ராடு முழுவதும், 2,030 கிலோ, பழைய 100 விலையில் ஏற்கெனவே இஷ்யூ ஆகியிருந்தது. 400 வால்வுகள் 400 வீதம் குடோனுக்குப் போயிருந்தன. மீதி 600 வால்வுகள் 18க்குப் பிறகுதான் முடிந்தன. அவற்றை உங்கள் சிஸ்டம் புது ஸ்டாண்டர்டான 430இல் ஏற்றிக்கொண்டது. மெஷின் நேரம் மொத்தம் 510 மணி.

இனி கூட்டிப் பாருங்கள். ஆர்டருக்குள் போனது ராடு 2,03,000, மெஷின் நேரம் 2,04,000, மொத்தம் 4,07,000. வெளியே வந்தது 400 வால்வுக்கு 1,60,000, 600 வால்வுக்கு 2,58,000, மொத்தம் 4,18,000. போனதைவிட வந்தது 11,000 அதிகம். அந்த மைனஸ் இதுதான். பழைய விலையில் உள்ளே போன ராடு புது விலையில் வெளியே வந்திருக்கிறது. நடுவில் யாரும் அதன் விலையை மாற்றவில்லை.

அன்று சிஸ்டம் மறுமதிப்பீடே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்டோரில் இருந்த ராடுக்குக் கிலோவுக்கு 15 கூட்டி மறுமதிப்பீட்டுக் கணக்கில் என்ட்ரி போட்டிருக்கிறது. குடோனில் இருந்த 400 வால்வுக்கு 30 வீதம் 12,000 கூட்டியிருக்கிறது. இரண்டும் சரி. ஸ்டோருக்கும் குடோனுக்கும் நடுவில் மெஷினில் மாட்டியிருந்த பித்தளை மட்டும் விட்டுப்போய்விட்டது.

முடிந்த 400 வால்வுக்கு 800 கிலோ கழித்தால், அன்று ஆர்டரில் நின்றது 1,230 கிலோ. கிலோவுக்கு 15 வீதம் 18,450ஐ டபிள்யூ.ஐ.பி.யில் பற்றாகவும் மறுமதிப்பீட்டுக் கணக்கில் வரவாகவும் போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் ராடு உபயோகத்தில் 3,450 பாதகம் என்று வந்திருக்கும், அதாவது கூடுதலாகப் போன 30 கிலோ, 115 வீதம். நேரத்தில் 10 மணி கூடுதல், அது 4,000 பாதகம். மொத்தம் 7,450 பாதகம். உங்கள் சிஸ்டம் காட்டியது 11,000 சாதகம்.

அதிலும் பிரித்துக் காட்டிய விதம் இன்னும் மோசம். நேர வேரியன்ஸ் 4,000 பாதகம் சரியாகத்தான் வந்திருக்கிறது. மறுமதிப்பீடு விட்டுப்போனது முழுக்க மெட்டீரியல் உபயோக வேரியன்ஸில் போய் விழுந்து, அது 15,000 சாதகம் என்று காட்டியது. படிப்பவருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஷாப் ஃப்ளோரில் ராடைச் சிக்கனமாகப் பயன்படுத்தினார்கள். மாதக் கூட்டத்தில் நிர்வாகம் அந்த ஷிஃப்ட் சூப்பர்வைசரைப் பாராட்டியது. அவரோ கூட்டம் முடிந்ததும் என் மேஜைக்கு வந்து, "சார், நாங்க எதையும் மிச்சம் பிடிக்கலை. டூல் செட்டிங்ல முதல் லாட் ஸ்க்ராப் ஆகி 30 கிலோ கூடத்தான் எடுத்தோம். ஸ்லிப்புகூட இருக்கு" என்றார். சூப்பர்வைசர் ஸ்லிப்பில் இருந்த உண்மை உங்கள் அறிக்கையில் இல்லை.

பர்ச்சேஸ் பிரிவின் நிலை இதற்கு நேர் எதிர். இந்த ராடு 115க்கு வாங்கியது, ஸ்டாண்டர்டு அப்போது 100. ரிசீட் அன்றே கிலோவுக்கு 15 கொள்முதல் விலை வேரியன்ஸாக, நஷ்டமாக, அவர்கள் பெயரில் ஏறிவிட்டது. அதே 15 பிறகு உற்பத்தியின் சாதகமாகத் திரும்பி வந்திருக்கிறது. கடைசி லாபம் மாறாதுதானே என்று உங்கள் ஆலோசகர் தொலைபேசியில் சொன்னார். ஆர்டர் மூடியபின் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் மொத்த லாபத்தைத் தெரிந்துகொள்ள வேரியன்ஸ் தேவையில்லையே. யார் கையில் என்ன போயிற்று என்று பார்க்கத்தான் அதைப் பிரிக்கிறோம். அந்தப் பிரிவே பொய்யாக இருந்தால் அப்புறம் எதற்கு?

மேலும், மாத முடிவில் ஆர்டர் மூடப்படாமல் இருந்ததால் அந்த மைனஸ் 11,000 இருப்புநிலைக் குறிப்பில் சரக்காகவே உட்கார்ந்துவிட்டது. ஸ்டாண்டர்டு காஸ்ட் உண்மையான செலவை ஒட்டி இருந்தால்தான் சரக்கு மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தலாம் என்பது சர்வதேசக் கணக்கியல் தரமான ஐ.ஏ.எஸ். 2இன் விதி. ஸ்டாண்டர்டை அவ்வப்போது பரிசீலித்துத் தேவைப்பட்டால் திருத்தச் சொல்வதும் அதே விதிதான். நாங்கள் விதிப்படி திருத்தினோம், அந்தத் திருத்தத்தாலேயே மதிப்பு கெட்டது. அன்று நடப்பில் இருந்தவை மொத்தம் 14 ஆர்டர்கள். மற்ற 13இலும் இதே கதை, தொகைதான் வேறு.

உதவி மையம் இரண்டு வழி சொன்னது. முதலாவது, எல்லா ஆர்டர்களையும் மூடிவிட்டு ஸ்டாண்டர்டை மாற்றுங்கள் என்பது. எங்கள் ஆர்டர் ஒன்று முடிய மூன்று வாரம் ஆகும், தினமும் புதிது திறக்கும். எல்லாம் மூடியிருக்கும் நாள் என்று ஒன்று எங்களுக்கு வராது. இரண்டாவது, ஜர்னல் போட்டுச் சரிசெய்யுங்கள் என்பது. 18,450க்கு டபிள்யூ.ஐ.பி. கணக்கில் கையால் ஜர்னல் போட்டால் பொது லெட்ஜர் மட்டும்தான் மாறும், ஆர்டருக்குத் தெரியாது. ஆர்டரை மூடும்போது சிஸ்டம் பழையபடி 11,000 சாதகம் என்றே என்ட்ரி போடும். நாங்கள் போட்ட 18,450 எந்த ஆர்டருக்கும் சொந்தமில்லாமல் டபிள்யூ.ஐ.பி.யில் தங்கிவிடும். அதை எடுக்க இன்னொரு ஜர்னல். இப்படி 14 முறை. இந்த வேலையைச் செய்யாமலிருக்கத்தானே மென்பொருள் வாங்கினோம்?

எங்களுக்கு வேண்டியது இதுதான். ஸ்டாண்டர்டு மாறும்போது நடப்பு ஆர்டர்களில் நிற்கும் மெட்டீரியலையும் சிஸ்டமே மறுமதிப்பீடு செய்ய வேண்டும். அது முடியாது என்றால், மாற்றத்துக்கு முன் திறந்த ஆர்டர்களைப் பழைய ஸ்டாண்டர்டிலேயே ரிசீட் செய்யவிட்டு, குடோனுக்கு வந்தபின் வால்வுக்கு 30 கூட்டுங்கள். இந்த வழியில் உபயோக வேரியன்ஸ் 3,450க்குப் பதில் 3,000 என்று வரும், ஏனென்றால் கூடுதல் 30 கிலோ பழைய விலையில் கணக்காகும். அது பரவாயில்லை, இரண்டையும் நாங்கள் ஆடிட்டரிடம் விளக்கிவிடுவோம். ஸ்டாண்டர்டு மாற்றத்தால் வரும் தொகை உபயோக வேரியன்ஸுக்குள் ஒளிந்திருப்பதைத்தான் விளக்க முடியாது.

ஏற்கெனவே கெட்டுப்போன 14 ஆர்டர்களையும் ஆர்டர் அளவிலேயே திருத்தித் தாருங்கள், ஜர்னல் வேண்டாம். அப்டேட் பட்டனை அழுத்துமுன் "இத்தனை ஆர்டர்கள் நடப்பில் உள்ளன" என்ற எச்சரிக்கையாவது திரையில் வரட்டும், இப்போது அதுவும் இல்லை. டபிள்யூ.ஐ.பி. அறிக்கை பற்றியும் ஒரு சொல். மாத முடிவுக்கான அறிக்கையை 3ஆம் தேதி எடுத்தால் 3ஆம் தேதி நிலவரம்தான் வருகிறது. பின்தேதிக்கு எடுக்கும் வசதி தனியாகக் கேட்டிருக்கிறோம், அதையும் நினைவூட்டுகிறேன்.

ஆர்டரின் முழு என்ட்ரி பட்டியல், 18ஆம் தேதி மறுமதிப்பீட்டு அறிக்கை, சூப்பர்வைசர் கொடுத்த இஷ்யூ ஸ்லிப் நகல் மூன்றையும் இணைத்திருக்கிறேன். இரண்டு பாகங்களின் ஸ்டாண்டர்டை அடுத்த மாதத் தொடக்கத்தில் மாற்ற வேண்டியிருக்கிறது. உங்களிடமிருந்து எழுத்துப்பூர்வமான பதில் வரும்வரை அதை நிறுத்திவைத்திருக்கிறோம், இந்த ஆண்டுக்கான பராமரிப்புக் கட்டணத்தையும்தான்.

இப்படிக்கு,
பொறுப்பாளர், செலவுக் கணக்குப் பிரிவு